தாமத இழப்பீடும் தாமத வட்டியும்: பர்ச்சேஸ் ஓடர் நிபந்தனைகளைச் சிறு வழங்குநருக்குத் தமிழில் எழுதுவது

கேள்வி: கொழும்பில் ஒரு உணவுப் பொதியிடும் கம்பனியின் கொள்வனவுப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்களுக்கு அட்டைப் பெட்டி செய்து தருபவர் கிராண்ட்பாஸில் சிறிய பட்டறை வைத்திருக்கிறார். ஓடரின் பின்பக்கத்தில் இருக்கும் நிபந்தனைகள் எல்லாம் ஆங்கிலம். டெலிவரி பிந்தினால் வெட்டும் காசு, எங்கள் பேமன்ட் பிந்தினால் வட்டி, இந்த இரண்டையும் தமிழில் எழுதிக் கொடுக்கச் சொல்லி மனேஜர் என்னிடம் தந்துவிட்டார். 'லிக்விடேட்டட் டேமேஜஸ்' என்பதற்கே என்ன எழுதுவதென்று தெரியவில்லை. எங்கே தொடங்குவது?

பதில்:

அந்தச் சொல்லை இப்போதைக்கு ஒரு பக்கம் வையுங்கள். இந்த நிபந்தனைகள் எல்லாம் கடைசியில் யாரோ ஒருவருடைய கைபேசிக் கல்குலேட்டரில் போய் முடிகிறவை. உங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவரும் கிராண்ட்பாஸ் பட்டறை முதலாளியும் உங்கள் தமிழைத் தனித்தனியாக வாசித்து ஒரே தொகைக்கு வந்தால் மொழிபெயர்ப்பு சரி. வேறு வேறு தொகை வந்தால், தமிழ் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது பிழை. ஆகவே சொல் தேடுவதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். நான் ஒன்றைப் போட்டுக் காட்டுகிறேன்.

ஓடர் 10,000 பெட்டிக்கு என்று வைப்போம். ஒரு பெட்டி 90 ரூபா, மொத்தம் 900,000 ரூபா. முதல் 6,000 பெட்டி ஜூன் 10க்கு வர வேண்டும், மிச்சம் 4,000 ஜூன் 25க்கு. வழங்குநர் ஜூன் 10 அன்று 4,500 பெட்டி இறக்கிவிட்டார். கடதாசி ரோல் வரப் பிந்தியதால் மற்ற 1,500 பெட்டி ஜூன் 18 அன்றுதான் வந்தது. எட்டு நாள் தாமதம்.

ஆங்கில நிபந்தனை வழக்கமாக இப்படி இருக்கும்: தாமதமாகும் ஒவ்வொரு வாரத்துக்கும் அல்லது வாரத்தின் பகுதிக்கும், தாமதமான பொருட்களின் விலையில் 1 சதவீதம், மொத்தம் 10 சதவீதத்துக்கு மேற்படாது. இதைப் பலர் தமிழில் "தாமதமானால் வாரத்துக்கு 1% அபராதம், அதிகபட்சம் 10%" என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். வாசிக்க லேசாக இருக்கிறது. கணக்குப் போட்டால்தான் சிக்கல் தெரியும்.

எந்தத் தொகையில் 1 சதவீதம்? பிந்தி வந்த 1,500 பெட்டியின் விலை 135,000 ரூபா. அதில் 1 சதவீதம் 1,350. ஆனால் அந்த ஒற்றை வரியை வாசிக்கும் கணக்காளர் முழு ஓடரின் 900,000 ரூபாவில் 1 சதவீதம் எடுத்தால் 9,000. அவரைப் பிழை சொல்ல முடியாது, தமிழில் அப்படித்தான் விட்டு வைத்திருக்கிறோம். அடுத்தது, எட்டு நாள் என்பது எத்தனை வாரம்? 'வாரத்தின் பகுதிக்கும்' என்ற சொற்கள் இருந்தால் எட்டாவது நாள் இரண்டாவது வாரமாகக் கணக்காகும். அப்படியானால் 2 சதவீதம், 2,700 ரூபா. அந்தச் சொற்களைத் தமிழில் விட்டுவிட்டால் வழங்குநர் ஒன்றில் ஒரு முழு வாரம் என்று 1,350 சொல்வார், அல்லது நாட்கணக்கில் பிரித்து 1,543 என்பார். முழு ஓடரில் கணக்குப் போட்டவரோ 18,000 வெட்டியிருப்பார். ஒரே வரியிலிருந்து 1,350இல் தொடங்கி 18,000 வரை ஐந்து விடை.

உச்ச வரம்பிலும் இதே கதைதான். 10 சதவீதம் என்பது 135,000இலா 900,000இலா என்பதைப் பொறுத்து 13,500 அல்லது 90,000. இவ்வளவு சிறிய பட்டறைக்கு இரண்டாவது தொகை ஒரு மாதச் சம்பளப் பட்டியலாகக்கூட இருக்கலாம்.

ஆகவே நான் எழுதுவதானால் அந்த நிபந்தனையை இப்படி உடைத்து எழுதுவேன்:

"குறித்த திகதியில் வந்து சேராத பெட்டிகளுக்கு மட்டும் தாமத இழப்பீடு கணக்கிடப்படும். அந்தப் பெட்டிகளின் விலையில், தாமதமான ஒவ்வொரு ஏழு நாளுக்கும் 1 சதவீதம். ஏழு நாளுக்குக் குறைவான மிச்ச நாட்களும் ஒரு முழு வாரமாகவே எண்ணப்படும். எத்தனை வாரம் பிந்தினாலும் இந்தத் தொகை, பிந்திய பெட்டிகளின் விலையில் 10 சதவீதத்தைத் தாண்டாது."

நாலு வாக்கியம். ஆங்கிலத்தில் ஒரே வாக்கியமாக இருந்தது. தமிழிலும் ஒரே வாக்கியமாக வர வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. நிபந்தனை இலக்கம் மட்டும் அதே இலக்கமாக இருக்கட்டும், ஆங்கிலப் பிரதியில் 7.2 என்றால் தமிழிலும் 7.2. தகராறு வரும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அது வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ஆங்கிலத்திலேயே 'ஓடர் பெறுமதியில்' என்று மட்டும் இருந்து, முழு ஓடரா பிந்திய பொருளா என்று தெளிவில்லாமல் இருந்தால், நீங்களாக நல்ல மனதோடு 'பிந்திய பெட்டிகளின் விலை' என்று திருத்திவிடாதீர்கள். மனேஜரிடம் கேளுங்கள், பதிலை ஈமெயிலில் வாங்குங்கள். முடிந்தால் ஆங்கிலத்தையே திருத்தச் சொல்லுங்கள். ஆங்கிலம் குழப்பமாகவும் தமிழ் தெளிவாகவும் இருந்தால், வழங்குநர் தமிழை நம்பிக் கையெழுத்து வைத்திருப்பார், கம்பனி ஆங்கிலத்தை வைத்து வெட்டும். இடையில் அகப்படுவது நீங்கள். விலை என்பதில் வற் வரி சேருமா என்பதையும் அதே ஈமெயிலில் கேட்டுவிடுங்கள். 2024 ஜனவரியிலிருந்து வற் 18 சதவீதம். வழங்குநர் வற் பதிவு இல்லாதவர் என்றால் இந்தக் கேள்வியே இல்லை. பதிவு உள்ளவர் என்றால் வரி சேர்ந்த விலையா சேராத விலையா என்பது கழிக்கும் காசை மாற்றும்.

சரி, இப்போது அந்தச் சொல்லுக்கு வருவோம். 'அபராதம்', 'தண்டம்', 'தண்டப்பணம்' இவை மூன்றையும் தவிர்க்கச் சொல்வேன். காரணம் இரண்டு. தண்டம் என்றதும் நம் ஆட்களுக்கு ஞாபகம் வருவது பொலிஸ் எழுதும் துண்டு. தான் ஏதோ குற்றம் செய்ததாக வழங்குநர் எடுத்துக்கொள்வார், பேச்சே கோணலாகிவிடும். இரண்டாவது காரணம் உங்கள் கம்பனிக்கு. ஆங்கில ஒப்பந்தச் சட்டம் நீண்ட காலம் பார்த்தபடி, பிந்தினால் ஏற்படக்கூடிய நட்டத்தை முன்கூட்டியே நியாயமாகக் கணித்து எழுதிய தொகை வேறு, மற்றவரை மிரட்டுவதற்காகப் போட்ட தொகை வேறு. 1914இல் டன்லொப் டயர் கம்பனியின் வழக்கில் பிரித்தானியப் பிரபுக்கள் சபை இந்த வித்தியாசத்தை விளக்கியது; என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது முடிவானதல்ல, தொகை நட்டத்தோடு பொருந்துகிறதா என்பதே முக்கியம் என்றது. நம்முடைய 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் ஆங்கிலப் பொருள் விற்பனைச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது என்பதால் இந்த வாதங்கள் புதுக்கடை நீதிமன்றங்களிலும் எழலாம். பெயர் முடிவானதல்ல என்பது உண்மைதான், அதற்காக உங்கள் தமிழ்ப் பிரதியே தலைப்பில் 'தண்டம்' என்று போட்டு மற்றப் பக்கத்து வழக்கறிஞருக்கு ஒரு வரியை இனாமாகக் கொடுக்க வேண்டியதில்லை.

'முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்ட நட்டஈடு' என்று சட்டத் தமிழில் எழுதுவார்கள். பிழையில்லை. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்திலும் அதைத் தூக்கி வைத்தால் வாசிக்கிறவர் மூன்றாவது வரியில் தாளை மடித்துவிடுவார். முதல் தடவை மட்டும் "தாமத இழப்பீடு, அதாவது பொருள் பிந்தி வருவதால் கம்பனிக்கு ஏற்படும் நட்டத்துக்காக முன்கூட்டியே இரு தரப்பும் ஒத்துக்கொண்ட தொகை" என்று எழுதி, அப்புறம் 'தாமத இழப்பீடு' என்றே கடைசி வரை கொண்டுபோங்கள். இடையில் ஒரு இடத்தில் கழிவு, இன்னொரு இடத்தில் அபராதம் என்று மாற்றினால் அவை வேறு வேறு வெட்டுகள் என்று நினைப்பார். 'கழிவு' என்பதில் இன்னொரு சிக்கல், கடைக்காரருக்குக் கழிவு என்றால் விலைக்கழிவு. அதனால் பெயர்ச்சொல்லாக அதைத் தொடாமல் 'கழித்துக்கொள்வது' என்று வினையாக மட்டும் வையுங்கள்.

அந்த வினையிலும் கவனம் வேண்டும். கம்பனி கழிக்கலாம் என்று ஆங்கிலம் சொல்லுகிறதா, கழிக்கப்படும் என்கிறதா என்று பாருங்கள். தமிழில் 'கழிக்கலாம்' என்றால் உரிமை என்றும் எடுக்கலாம், கழித்தாலும் கழிப்பார்கள் கழிக்காவிட்டாலும் விடுவார்கள் என்றும் எடுக்கலாம். "கழித்துக்கொள்ளும் உரிமை கம்பனிக்கு உண்டு" என்று எழுதினால் சந்தேகம் இல்லை. எங்கிருந்து கழிப்பார்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். பெரும்பாலான ஓடர்களில் 'செட் ஓஃப்' உரிமை இருக்கும்: இந்த ஓடரின் தாமதத்துக்கு அடுத்த ஓடரின் பில்லிலிருந்தும் வெட்டலாம். அதை 'எதிரீடு செய்தல்' என்று எழுதிவிட்டால் வழங்குநர் தாண்டிப் போய்விடுவார். "இந்த ஓடரின் பில்லிலிருந்தோ, கம்பனி உங்களுக்குத் தர வேண்டிய வேறு எந்த பில்லிலிருந்தோ கழித்துக்கொள்ளும் உரிமை கம்பனிக்கு உண்டு" என்றால் அவர் உடனே உங்களைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார். கேட்க வேண்டிய நேரம் அதுதான்.

திகதியும் ஒரு பொறி. 'ஜூன் 10க்குள்' என்றால் பத்தாம் திகதி சேர்த்தியா இல்லையா என்று வாசலில் சண்டை வரும். லொறி மூன்றரைக்கு உங்கள் கேற்றுக்கு வருகிறது, உள்ளே இரண்டு கொள்கலன் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், ஸ்டோர்காரர் நாலரைக்கு 'நாளைக்கு வாருங்கள்' என்கிறார். அடுத்த நாள் போயா. அதற்கடுத்த நாள் இறக்கி, பொருள் கிடைத்ததற்கான பற்றுச்சீட்டான ஜி.ஆர்.என். எழுதுகிறார்கள். கணக்குப் பிரிவுக்குத் தெரிவது ஜி.ஆர்.என். திகதி மட்டும், ஆக இரண்டு நாள் தாமதம், 'வாரத்தின் பகுதி' என்பதால் ஒரு சதவீதம் போய்விட்டது. ஆங்கிலத்தில் 'டெலிவரி' என்பதற்கு என்ன விளக்கம் கொடுத்திருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள். ஸ்டோரில் இறக்கி முடித்த நேரம் என்றால் அப்படியே எழுதுங்கள்: "ஜூன் 10ஆம் திகதி, அன்றைய நாள் உட்பட, மாலை 4 மணிக்கு முன் எங்கள் ஸ்டோரில் இறக்கப்பட்டிருக்க வேண்டும்." கேற்றில் காத்திருந்த நேரம் யார் கணக்கு என்று ஆங்கிலம் சொல்லாவிட்டால் அதையும் மனேஜருக்கான கேள்விப் பட்டியலில் சேருங்கள். கேற்றுப் புத்தகத்தில் லொறி வந்த நேரம் பதிவாகிறது, அந்த நேரத்தின் பிரதியை வாங்கிக்கொள்ளும்படி வழங்குநருக்கு வாயாலாவது சொல்லிவிடுங்கள்.

வேலைநாள் என்ற சொல் வந்தால் இன்னும் கவனம். இங்கே பொது விடுமுறை, வங்கி விடுமுறை, வர்த்தக விடுமுறை என்று மூன்று வகை, மூன்றும் எப்போதும் ஒன்றாக வருவதில்லை. தீபாவளி பொது விடுமுறை, வங்கி விடுமுறை; வர்த்தக விடுமுறைப் பட்டியலில் அது இல்லை. கிராண்ட்பாஸ் பட்டறை அன்று கட்டாயம் பூட்டியிருக்கும். உங்கள் ஸ்டோர் திறந்திருக்கும், தாமதத்தின் நாளும் ஓடும். 'வேலைநாள்' என்று மட்டும் எழுதாமல் எந்த விடுமுறைகளை விட்டு எண்ணுவது என்று ஒரு வரி எழுதுங்கள். 'ஏழு நாள்' என்பது நாட்காட்டி நாள் என்றால் "ஞாயிறும் விடுமுறையும் சேர்த்து" என்று வெளிப்படையாகவே போடுங்கள்.

பிந்தியதற்குக் காரணம் உங்கள் கம்பனியாகவே இருந்தால்? பெட்டியில் அச்சிடும் டிசைனுக்கு ஓகே சொல்ல மார்க்கட்டிங்காரர் ஐந்து நாள் எடுத்தார் என்று வையுங்கள். நல்ல ஓடர்களில் அந்த ஐந்து நாளும் வழங்குநருக்குக் கூடுதலாகக் கிடைக்கும் என்று ஒரு நிபந்தனை இருக்கும். உங்கள் ஓடரில் இருந்தால் அதைத் தாமத இழப்பீட்டுக்குப் பக்கத்திலேயே சுட்டிக்காட்டுங்கள், ஆங்கிலத்தில் அது நாலு பக்கம் தள்ளி இருந்தாலும் சரி. இல்லாவிட்டால் நீங்களாகச் சேர்க்க முடியாது. அந்த நிபந்தனையைப் பயன்படுத்த, வழங்குநர் முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று பெரும்பாலும் இருக்கும். 'அறிவிக்கப்பட வேண்டும்' என்று எழுதினால் யார் யாருக்கு அறிவிப்பது என்பதைத் தமிழ் விழுங்கிவிடும். "நீங்கள் எங்கள் கொள்வனவுப் பிரிவுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும்" என்று ஆளைப் போட்டு எழுதுங்கள். வட்ஸ்அப் செய்தி எழுத்தா? 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டப்படி மின்செய்தி என்ற ஒரே காரணத்துக்காக அதை எழுத்தல்ல என்று தள்ள முடியாது. ஆனாலும் ஒப்பந்தம் ஈமெயில் முகவரியைக் குறிப்பிட்டுச் சொல்லியிருந்தால் அதுதான் வழி. பட்டறை முதலாளி ஈமெயில் பார்ப்பவர் இல்லை என்றால் வட்ஸ்அப் இலக்கத்தையும் சேர்க்கலாமா என்று இப்போதே கேளுங்கள்.

இனி மற்றப் பக்கம், காசு பிந்துவது. பெரும்பாலான மொழிபெயர்ப்புகளில் இந்தப் பகுதி இரண்டு வரியில் முடிந்துவிடும். சிறு வழங்குநருக்கோ முதலாவதை விட இதுதான் உயிர்நாடி.

உங்கள் ஓடரில் 'நெட் 45' என்று இருக்கிறதென்று வைப்போம். 45 நாள் எதிலிருந்து? பொருள் இறக்கிய நாளிலிருந்து என்றால் ஜூன் 10இல் தொடங்கி ஜூலை 25. சரியான இன்வொய்ஸ் கையில் கிடைத்த நாளிலிருந்து என்றால், அவர் ஜூன் 20 அன்று கொடுத்திருந்தால் ஓகஸ்ட் 4. இன்வொய்ஸ் மாத முடிவிலிருந்து என்றால் ஓகஸ்ட் 14. 'சரியான' என்ற சொல் சின்னதாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். ஜூன் 20 அன்று கொடுத்த பில்லில் ஓடர் இலக்கம் இல்லை என்று திருப்பி அனுப்பினால், திருத்தி ஜூன் 27 கொடுத்த நாளிலிருந்துதான் 45 நாள் ஓடும், தவணை ஓகஸ்ட் 11 ஆகிவிடும். ஆகவே 'சரியான' என்று மட்டும் எழுதாமல் எது எது இருந்தால் சரி என்று எழுதுங்கள்: ஓடர் இலக்கம், ஜி.ஆர்.என். பிரதி, பெட்டி எண்ணிக்கை, வழங்குநரின் வங்கிக் கணக்கு விபரம். கணக்குப் பிரிவு உண்மையில் எதைப் பார்த்துத் திருப்பி அனுப்புகிறது என்று அவர்களிடமே கேட்டு எழுதினால் பாதித் தகராறு குறையும்.

வட்டி நிபந்தனை இப்படி வரும்: தவணை கடந்தால், தகராறு இல்லாத தொகைக்கு, வருடத்துக்கு 12 சதவீதம் சாதாரண வட்டி, செலுத்தும் நாள் வரை. நம் உதாரணத்தில் 6,000 பெட்டிக்கு 540,000 ரூபா. தாமத இழப்பீடு 2,700 போக 537,300. தவணை ஓகஸ்ட் 4, காசு கொடுத்தது செப்டெம்பர் 3, முப்பது நாள். 537,300ஐ 12 சதவீதத்தால் பெருக்கினால் வருட வட்டி 64,476. அதை 365ஆல் பிரித்து 30ஆல் பெருக்கினால் 5,299 ரூபா. 'வருடத்துக்கு' என்ற சொல் தமிழில் விடுபட்டால் வழங்குநர் மாதம் 12 சதவீதம் என்று நினைத்து 64,476 கேட்டு வருவார். செட்டியார் தெருவில் வட்டி என்றாலே மாதக் கணக்குத்தான், அவர் நினைப்பதில் ஆச்சரியமில்லை.

'செலுத்தும் நாள்' எது? செக் எழுதிய நாளா, கொடுத்த நாளா, வங்கியில் மாறிய நாளா? இரண்டு மாதம் முன்னுக்குத் திகதி போட்ட செக்கை இன்று கையில் கொடுத்துவிட்டு 'பேமன்ட் முடிந்தது' என்று சொல்லும் கம்பனிகள் இந்த ஊரில் குறைவில்லை. ஆங்கிலத்தில் விளக்கம் இருந்தால் அதை எழுதுங்கள், இல்லாவிட்டால் கேளுங்கள். எனக்குப் பிடித்த வாசகம்: "காசு வழங்குநரின் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்பட்ட நாளே செலுத்திய நாள்."

'தகராறு இல்லாத தொகை' என்பதையும் விளக்க வேண்டும். 6,000 பெட்டியில் 200 பெட்டி ஈரம் என்று கம்பனி சொன்னால், தகராறு அந்த 18,000 ரூபாவுக்கு மட்டும். மிச்சம் 519,300க்குத் தவணையும் வட்டியும் வழக்கம் போல ஓட வேண்டும். ஆனால் 'தகராறு உள்ள பில்' என்று மொழிபெயர்த்துவிட்டால் முழு பில்லையும் நிறுத்தி வைக்க வழி கிடைக்கும். ஆங்கிலம் தொகையைச் சொல்கிறதா பில்லைச் சொல்கிறதா என்று ஒரு முறைக்கு இரண்டு முறை பாருங்கள்.

உங்கள் ஓடரில் தாமத வட்டி என்ற நிபந்தனையே இல்லாமலும் இருக்கலாம், கொள்வனவாளர் எழுதிய ஓடர்களில் அது சகஜம். அப்படியானால் தமிழிலும் இருக்காது. ஆனால் மௌனமாக விட வேண்டாம். "காசு பிந்தினால் வட்டி பற்றி இந்த ஓடர் எதுவும் சொல்லவில்லை" என்று குறிப்புப் பகுதியில் ஒரு வரி போடலாமா என்று மனேஜரிடம் கேளுங்கள். அதே போல இன்னொன்று: பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, ஒப்பந்தம் வேறு மாதிரிச் சொல்லாவிட்டால், காசு கொடுக்கும் நேரம் ஒப்பந்தத்தின் அடிப்படை நிபந்தனையாகக் கருதப்படாது. அதாவது காசு பத்து நாள் பிந்தியது என்ற ஒரே காரணத்துக்காக வழங்குநர் அடுத்த 4,000 பெட்டியைத் தர மாட்டேன் என்று ஓடரை முறித்துவிட முடியாது. டெலிவரிப் பக்கம் 'டைம் இஸ் ஒஃப் தி எசென்ஸ்' என்று எழுதியிருந்தால் கம்பனி முறிக்கலாம். அந்த வரியை 'நேரம் மிக முக்கியம்' என்று மொழிபெயர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நேரம் முக்கியம் என்று எல்லாரும்தான் சொல்வார்கள், அதில் சட்டம் எதுவும் இல்லை. "குறித்த திகதி தவறினால், அந்தக் காரணத்துக்காக மட்டுமே ஓடரை ரத்துச் செய்யும் உரிமை கம்பனிக்கு உண்டு" என்று விளைவை எழுதுங்கள்.

ஒரு கேள்வி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் வழங்குநருக்குத் தெரிய வேண்டியது. கொடுத்த பொருளின் கடனுக்கு, அதாவது கடை பில், கணக்குப் புத்தகக் கடனுக்கு, 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவரையறைக் கட்டளைச் சட்டப்படி தவணை வந்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். எழுத்து ஒப்பந்தத்தை வைத்துப் போடும் வழக்குக்கு ஆறு வருடம். கையெழுத்து வைத்த ஓடரையும் அதன் நிபந்தனைகளையும் அவர் பத்திரமாக வைத்திருப்பது வீண் இல்லை. 'அடுத்த மாதம் தருகிறோம்' என்ற பேச்சிலேயே ஒரு வருடம் போய்விடும் ஆட்கள் இருக்கிறார்கள். எந்தக் காலவரையறை தன் விஷயத்துக்குப் பொருந்தும் என்பதை அவர் ஒரு வழக்கறிஞரிடம் கேட்க வேண்டும், நீங்கள் கம்பனி ஆள் என்பதால் அதற்கு மேல் அறிவுரை சொல்லாமல் இருப்பது உங்களுக்கும் நல்லது.

எழுதி முடித்ததும் நான் மேலே போட்ட மாதிரி ஒரு கணக்கை உங்கள் உண்மையான ஓடரின் எண்களோடு போட்டு, 'உதாரணக் கணக்கு' என்று தலைப்பிட்டு நிபந்தனைகளுக்கு அடியில் சேருங்கள். தாமத இழப்பீட்டுக்கு ஒன்று, தாமத வட்டிக்கு ஒன்று போதும். அது ஒப்பந்தத்தின் பகுதியா, வெறும் விளக்கமா என்று முதல் வரியில் சொல்லிவிடுங்கள். கம்பனி ஒத்துக்கொண்டால் பகுதியாகவே இருக்கட்டும். அப்புறம் ஆங்கிலப் பிரதியைப் பார்க்காத ஒருவரிடம், உங்கள் ஸ்டோர் கிளார்க்கிடம் என்றே வையுங்கள், தமிழ்த் தாளை மட்டும் கொடுத்து வேறு எண்களில் ஒரு கணக்குப் போடச் சொல்லுங்கள்: 2,000 பெட்டி, 15 நாள் தாமதம், பெட்டி 90 ரூபா. மூன்று வாரம், 3 சதவீதம், 5,400 ரூபா என்று வந்தால் சரி. வேறு தொகை வந்தால் எந்த வாக்கியத்தைப் பார்த்து அப்படிப் போட்டார் என்று கேளுங்கள், திருத்த வேண்டிய வாக்கியம் அதுதான்.

மொழிநடை பற்றி ஒன்றே ஒன்று. 'டெலிவரி', 'ஓடர்', 'இன்வொய்ஸ்', 'செக்', 'ஸ்டோர்' எல்லாம் அப்படியே இருக்கட்டும். பட்டறை முதலாளி தினமும் பேசுவது அவற்றைத்தான். 'விலைச்சிட்டை', 'ஒப்படைப்பு' என்று எழுதி அவரைத் தன் பிள்ளையிடம் அர்த்தம் கேட்க வைக்க வேண்டாம். இந்தியாவில் செய்த மாதிரிப் படிவங்களை எடுத்தால் 'தேதி', 'ரூபாய்' என்று வரும், அவற்றை நம் வழக்குக்கு மாற்றிவிடுங்கள்.

இரு பிரதிகளும் முரண்பட்டால் எது செல்லும் என்ற நிபந்தனை ஆங்கிலத்தில் இருக்கலாம், இருந்தால் பெரும்பாலும் ஆங்கிலமே செல்லும் என்றுதான் இருக்கும். அதைக் கடைசிப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் வைக்காதீர்கள். தமிழ்த் தாளின் முதல் வரியாக, கையெழுத்து வைக்கும் முன் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள்: "இந்தத் தமிழ்ப் பிரதி உங்கள் விளக்கத்துக்கானது. இரண்டுக்கும் வேறுபாடு வந்தால் ஆங்கிலப் பிரதியே செல்லும்." வழங்குநர் அதை வாசித்துவிட்டு 'அப்படியென்றால் தமிழ் எதற்கு?' என்று கேட்டால், நியாயமான கேள்விதான். உதாரணக் கணக்கு மட்டுமாவது இரு பிரதிகளிலும் அதே எண்களோடு இருக்கும்படி செய்து, இரு தரப்பும் அந்தப் பக்கத்தில் கையெழுத்து வைக்க மனேஜரிடம் சம்மதம் வாங்கப் பாருங்கள்.